வீட்டுக் கடன் தவணையை நாமே சரிபார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில், குறிப்பாக பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் வங்கிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் ஒரே கடனை எடுத்துக்கொண்டு போகிறேன்: 400,000 ரிங்கிட், ஆண்டுக்கு 4 விழுக்காடு, 30 ஆண்டு.

வங்கி கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாவா இருக்கப் போவுது? நாம எதுக்குத் திரும்பப் போடணும்?

கம்ப்யூட்டர் பெருக்கல் வகுத்தலில் தவறாது. ஆனால் அதற்குள் போகும் எண்களை ஒரு ஆள்தான் தட்டுகிறார். கடன் தொகை, வட்டி விகிதம், கால அளவு ஆகிய மூன்றில் ஒன்று உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னதிலிருந்து மாறியிருந்தால், கணக்கு சுத்தமாக இருந்தாலும் தவணை வேறாக வரும். நான் பார்த்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நீங்களே போட்டுப் பார்த்தால் எந்த எண் மாறியது என்று கண்டுபிடிக்கலாம். அதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண்டுபிடிக்கலாம்.

சரி, என்னென்ன நம்பர் வேணும்? எந்தத் தாள்ல இருக்கும்?

மூன்றே எண்கள்: கடன் தொகை, ஆண்டு வட்டி விகிதம், மொத்த மாதங்கள். வங்கி தரும் கடன் சலுகைக் கடிதத்திலும், அதற்கு முன்பே தரவேண்டிய தயாரிப்பு விளக்கத் தாளிலும் மூன்றும் இருக்கும்.

வட்டி விகிதத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2022 ஆகஸ்ட்டிலிருந்து வந்த புதிய வீட்டுக் கடன்களில் விகிதம் இரண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று எஸ்பிஆர் என்ற அடிப்படை விகிதம், இன்னொன்று வங்கி அதன்மேல் வைக்கும் கூடுதல். எஸ்பிஆர் 2.75, கூடுதல் 1.25 என்றால் நம் கணக்குக்குப் போக வேண்டியது இரண்டின் கூட்டுத்தொகையான 4.00. கூடுதலை மட்டும் வைத்துப் போட்டுவிட்டு "தவணை ரொம்பக் குறைவா வருதே" என்று வந்தவர்களும் உண்டு.

ஃபார்முலா என்ன? போன் கல்குலேட்டர்லயே தட்ட முடியுமா?

முடியும். கல்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்பினால் அடுக்குப் போடும் பொத்தான் வரும், அது போதும். வாய்பாடு இது:

```
M = P × i ÷ (1 − (1 + i)^−n)
```

P கடன் தொகை, i ஒரு மாத வட்டி, n மாதங்கள், M தவணை. நம் கடனில் i என்பது 0.04 ÷ 12, n என்பது 360. 1-உடன் i-ஐக் கூட்டி 360 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 3.3135 வரும். 1-ஐ அதால் வகுத்தால் 0.3018. 1-லிருந்து அதைக் கழித்தால் 0.6982. கடனின் ஒரு மாத வட்டி 1,333.33. அதை 0.6982-ஆல் வகுத்தால் தவணை கிடைத்துவிடும். இடையில் எதையும் சுருக்காமல் கல்குலேட்டரிலேயே தொடர்ந்து போட்டால் விடை 1,909.66 ரிங்கிட்.

எக்செல் அல்லது கூகள் ஷீட்ஸ் இருந்தால் ஒரே வரி:

```
=PMT(4%/12, 360, -400000)
```

இதே வரியில் 4-ஐ 5 ஆக்கினால் 2,147.29, 6 ஆக்கினால் 2,398.20. தயாரிப்பு விளக்கத் தாளில் வட்டி 1 விழுக்காடும் 2 விழுக்காடும் ஏறினால் தவணை என்ன ஆகும் என்று காட்டியிருப்பார்கள். அந்த எண்களோடு இவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஒத்துப்போய் மற்றவை ஒத்துப்போகாவிட்டால், பழைய தாளில் பாதியை மட்டும் திருத்தியிருக்கலாம்.

நான் போட்டா 1,900தான் வருது. நீங்க 1,909ங்கிறீங்களே?

மாத வட்டியை 0.0033 என்று சுருக்கி எழுதியிருப்பீர்கள். 4-ஐ 12-ஆல் வகுத்தால் 0.33333 என்று முடிவில்லாமல் போகும். அதை 0.33 விழுக்காட்டில் நிறுத்தினால் வங்கியின் விகிதத்தையே குறைத்ததாகிவிடும், தவணை 1,900.45 என்று வரும். மாதத்துக்கு ஒன்பது ரிங்கிட் வித்தியாசம் அங்கிருந்துதான் வந்தது. மாத வட்டியைத் தனியாகத் தாளில் எழுதி மறுபடி தட்டாமல், 0.04 ÷ 12 என்றே உள்ளே விடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, வங்கியின் எண் உங்கள் எண்ணைவிட ஒரு ரிங்கிட்டுக்குள் அதிகமாக இருந்தால் கவலை வேண்டாம். பல வங்கிகள் சில்லறையை விட்டு முழு ரிங்கிட்டாக மேலே ஏற்றிக்கொள்ளும். 1,909.66 என்பது 1,910 ஆகும். கூடுதலாக வாங்கிய காசு அசலில்தான் கழியும், கடைசித் தவணை அந்த அளவு சிறுக்கும்.

வங்கி 1,967 போட்டிருக்கு, எனக்கு 1,909.66 வருது. 57 வெள்ளி எங்கிருந்து வந்துச்சு?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முழு ரிங்கிட்டாக்குவதால் 57 வராது. ஆக மூன்று எண்களில் ஏதோ ஒன்று வேறு. கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் அது தெரியும். 4 விழுக்காடு, 30 ஆண்டுக்கு ஒவ்வொரு 1,000 ரிங்கிட் கடனுக்கும் தவணை 4.774 ரிங்கிட். 1,967-ஐ 4.774153-ஆல் வகுத்தால் 412.01 வருகிறது. அதாவது வங்கி கணக்குப் போட்ட கடன் 400,000 அல்ல, 412,000. அந்த 12,000 யாரும் ஒளித்துவைத்ததாக இருக்காது. கடனோடு சேர்த்துக் கட்டும் எம்ஆர்டிஏ என்ற வீட்டுக் கடன் காப்புறுதிச் சந்தா, சில சமயம் வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் இப்படி ஏதாவது உள்ளே சேர்ந்திருக்கும். கடிதத்தில் வேறொரு வரியில் எழுதியும் இருப்பார்கள்.

ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். கடன் 400,000-ஆகவே இருந்து வட்டி மட்டும் 4.25 ஆகியிருந்தாலும் தவணை 1,967.76 வரும். இரண்டும் ஒரு ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. தவணையை மட்டும் பார்த்தால் எது காரணம் என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. அதற்குத்தான் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் முதல் வரியில் தொடக்க நிலுவையைப் பாருங்கள். 412,000 என்றிருந்தால் தொகை கூடியிருக்கிறது. 400,000 என்றே இருந்தால் வட்டி கூடியிருக்கிறது. மாதக் கணக்கில் முதல் மாத வட்டி முதல் வகையில் 1,373.33 ரிங்கிட்டும், இரண்டாவதில் 1,416.67 ரிங்கிட்டும் வரும். ஒரே நீளமுள்ள மாதத்தை ஒப்பிட்டால் சுமார் 43 ரிங்கிட் இடைவெளி இருப்பதால் குழப்பம் வராது.

தொகை கூடியதுதான் காரணம் என்றால் அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். 12,000 ரிங்கிட் சந்தாவைக் கடனில் சேர்த்தால் மாதத்துக்கு 57.29, 30 ஆண்டில் சுமார் 20,624 ரிங்கிட் கட்டுவீர்கள். கையில் பணம் இருந்தால் சந்தாவை ரொக்கமாகவே கட்டிவிடலாமா, அப்படிச் செய்தால் வட்டி விகிதம் மாறுமா என்று வங்கி அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள். வட்டி கூடியதுதான் காரணம் என்றால் பேச்சே வேறு. உங்களுக்குச் சொன்ன விகிதத்தை எழுத்தில் காட்டி, கடிதத்தை மாற்றித் தரக் கேட்க வேண்டும்.

தவணை ஒத்துப்போச்சு. ஆனா அட்டவணைல வட்டி ஒரு மாசம் கூடுது, ஒரு மாசம் குறையுதே, எப்படி?

வாய்பாடு எல்லா மாதத்தையும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்கிறது. வங்கியோ தினசரி நிலுவைக்கு வட்டி போடுகிறது. 31 நாள் மாதத்துக்கு 31 நாள் வட்டி, பிப்ரவரிக்கு 28 நாள் வட்டி. எனவே அட்டவணையைச் சரிபார்க்க வாய்பாட்டை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்:

```
வட்டி = நிலுவை × ஆண்டு விகிதம் × நாட்கள் ÷ 365
```

மேலே சொன்ன 412,000 கடனையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு வட்டி 16,480 ரிங்கிட். முதல் மாதம் 31 நாள் என்றால் வட்டி 1,399.67. தவணை 1,967-ல் மீதம் 567.33 அசலுக்குப் போகிறது, நிலுவை 411,432.67 ஆகிறது. அடுத்தது 30 நாள் மாதம்: 411,432.67-க்கு 4 விழுக்காட்டில் 30 நாள் வட்டி 1,352.66, அசலுக்கு 614.34, நிலுவை 410,818.33. வங்கி அட்டவணையில் இந்த வரிகள் காசு சுத்தமாக வர வேண்டும். இரண்டு வரிகளும் வந்துவிட்டால் வட்டியும் நாள் கணக்கும் சரி. வேண்டுமென்றால் பிப்ரவரி வரியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

காசு ஒத்துவராமல் சற்றே நகர்ந்தால் முதலில் நாட்களை எண்ணுங்கள். பணம் விடுவிக்கப்பட்ட நாளுக்கும் முதல் தவணை நாளுக்கும் இடையில் 30 அல்ல, 38 அல்லது 45 நாள் இருக்கலாம். லீப் ஆண்டில் 365-ஆல் வகுக்கிறார்களா, 366-ஆல் வகுக்கிறார்களா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

காடி லோனுக்கும் இதே ஃபார்முலாதானே? போட்டா ஒட்டவே மாட்டேங்குது.

காருக்கு இங்கே பல காலமாக வழக்கத்தில் இருந்துவந்தது தட்டை வட்டி, அதற்கு இந்த வாய்பாடு ஒட்டாது. 60,000 ரிங்கிட், 3 விழுக்காடு, 7 ஆண்டு என்றால் முழுத் தொகைக்கும் முழு 7 ஆண்டுக்கும் வட்டி போட்டு 12,600 என்பார்கள். 72,600-ஐ 84-ஆல் வகுத்தால் 864.29. நம் வாய்பாட்டில் 3 விழுக்காடு போட்டால் சுமார் 793தான் வரும்.

வாய்பாட்டை இங்கே வேறு விதத்தில் பயன்படுத்தலாம். 864.29 வரும்வரை விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனால் சுமார் 5.6 விழுக்காட்டில் வந்து நிற்கும். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் இன்னொரு கடனோடு ஒப்பிட வேண்டியது இந்த 5.6-ஐத்தான். ஒப்பந்தத்தில் தட்டை விகிதம் என்று எழுதியிருக்கிறதா, குறையும் நிலுவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இஸ்லாமிய வீட்டுக் கடன் எடுத்தேன். விற்பனை விலைன்னு 1.26 மில்லியன் போட்டிருக்கு! மூணு மடங்கா கட்டணுமா?

இல்லை. இது பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்த எண். வங்கி லாப விகிதத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அந்த உச்சத்தில் கணக்குப் போட்டு விற்பனை விலையை ஒப்பந்தத்தில் எழுதும். உச்சவரம்பு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு 400,000-க்கும் 360 மாதத்துக்கும் நம் வாய்பாட்டைப் போட்டால் மாதம் 3,510.29, மொத்தம் சுமார் 1,263,700. உங்கள் தாளில் இருப்பது அதுதான்.

நீங்கள் மாதாமாதம் கட்டுவது நடப்பு விகிதத்தில். அது 4 என்றால் தவணை 1,909.66 அருகில்தான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கி இப்ரா என்ற தள்ளுபடியாகக் கழித்துவிடும். அந்த இப்ரா பற்றிய பத்தி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

ஓபிஆர் மாறிடுச்சு, வங்கி புதுத் தவணை அனுப்பியிருக்கு. அதை எப்படிச் செக் பண்றது?

பேங்க் நெகாரா ஓபிஆர் என்ற தன் கொள்கை வட்டி விகிதத்தை மாற்றினால் எஸ்பிஆரும் அதே அளவு மாறும். 2025 ஜூலையில் 3.00-லிருந்து 2.75 ஆனது போல. வங்கியின் கூடுதல் மட்டும் மாறக் கூடாது. கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பிறகு அதே வாய்பாடு, ஆனால் P-யும் n-உம் இன்றைய நிலைக்கு. காப்புறுதி சேராத 400,000 கடனை 4 விழுக்காட்டில் மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியிருந்தால் நிலுவை சுமார் 377,995, மீதி 324 மாதம். வட்டி 4.25-ஆக ஏறினால் புதுத் தவணை சுமார் 1,963. பழைய 400,000-ஐயும் புதிய 324 மாதத்தையும் கலந்து போட்டால் 2,077 வந்து பயமுறுத்தும். நிலுவையும் மீதி மாதமும் ஒரே தேதிக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

தவணை மாறவே இல்லை என்று கடிதம் வந்தால் நல்ல செய்தி என்று விட்டுவிடாதீர்கள். சில நேரம் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தை நீட்டுவார்கள். கடைசித் தவணை தேதி எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீடு இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்க. மாசம் 400, 700ன்னு ஏதேதோ வருதே, தவணை இல்லையா?

அது தவணை இல்லை, கட்டுமான கால வட்டி. மேம்பாட்டாளர் ஒவ்வொரு கட்டம் முடிக்கும்போதும் வங்கி கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் விடும். விட்ட தொகைக்கு மட்டும் வட்டி வரும், அசல் கழியாது. 100,000 விட்டிருந்தால் 30 நாளுக்கு 4 விழுக்காட்டில் 328.77. மேலே அட்டவணைக்குச் சொன்ன நாள் கணக்கேதான். எந்தத் தேதியில் எவ்வளவு விட்டார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிவிட்டால் ஒவ்வொரு மாதத்தையும் சரிபார்க்கலாம். தவணை வாய்பாடு முழுத்தொகையும் விட்ட பிறகுதான் வேலைக்கு வரும்.

மாசம் 200 வெள்ளி கூடுதலா கட்டுறேன். அட்டவணைல வட்டி குறையவே இல்லையே?

பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சில கடன்களில் கூடுதலாகக் கட்டியது தானாக அசலில் கழியாது, அடுத்த தவணைக்கான முன்பணமாக நிற்கும். அப்போது நிலுவை குறையாது, வட்டியும் குறையாது. முன்பு சொன்ன நாள் கணக்கில், வங்கி போட்ட வட்டியை எடுத்து, 365-ஆல் பெருக்கி, நாட்களாலும் விகிதத்தாலும் வகுத்தால் வங்கி எந்த நிலுவைக்கு வட்டி போட்டது என்று தெரிந்துவிடும். அந்த நிலுவையில் உங்கள் 200-கள் கழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கழியவில்லையென்றால் "அசலைக் குறைக்க" என்று எழுதித் தர வேண்டுமா, அதற்குக் குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் வகையைப் பொறுத்து விதி மாறும். ஏற்கெனவே முன்பணமாக நிற்பதை அசலுக்கு மாற்றித் தர முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன், வங்கிக் கணக்குதான் தப்பு. யார்கிட்ட போறது?

முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் போங்கள், கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாம். "வட்டி அதிகமாக இருக்கிறது" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்த மாதம், தொடக்க நிலுவை என்ன, எத்தனை நாள், உங்கள் கணக்கில் வட்டி எவ்வளவு, அட்டவணையில் எவ்வளவு என்று ஒரே ஒரு வரியை எடுத்து எழுதுங்கள். அட்டவணையின் அந்தப் பக்கத்தை இணையுங்கள்.

வங்கியின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்புக்குக் கொண்டுபோகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் வழியாகவும் விசாரிக்கலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது வங்கியின் எழுத்துப் பதிலைத்தான், அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.